ஏற்காட்டில் 300 பேருக்கு விருந்து: சேலத்துக் கேட்டரிங்காரரிடம் எதை உறுதி செய்துகொள்ள வேண்டும்?

கேள்வி: தை மாதம் என் தங்கை மகளுக்கு ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில் உள்ள ஓர் எஸ்டேட் பங்களாவில் நிச்சயதார்த்தம். மதியச் சாப்பாட்டுக்கு 300 பேர் வரலாம். சேலத்தில் ஒரு கேட்டரிங்காரர் "கல்யாணம் முதல் காதுகுத்து வரை எல்லா விசேஷங்களுக்கும், சைவம் – அசைவம், சேலம் மற்றும் சுற்றுவட்டாரம் முழுவதும்" என்று விளம்பரம் செய்திருக்கிறார். இலைக்குச் சொல்லும் விலையும் நியாயமாகத்தான் தெரிகிறது. முன்பணம் கொடுக்கலாமா? என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்:

விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், சமையல் எங்கே நடக்கும் என்று கேளுங்கள். சேலத்தில் தம்முடைய சமையற்கூடத்தில் சமைத்து மலைமேல் ஏற்றி வருவாரா, அல்லது ஆட்களையும் அடுப்பையும் ஏற்றி வந்து பங்களாவின் பின்புறத்தில் சமைப்பாரா என்பதற்கு அவர் தெளிவான விடை சொல்லாத வரையில் முன்பணம் கொடுக்க வேண்டாம். அவருடைய விளம்பரத்தில் உள்ள மூன்று செய்திகளில், விசேஷத்தின் வகையும் சாப்பாட்டு வகையும் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடியவை. "சுற்றுவட்டாரம் முழுவதும்" என்பதுதான் உங்கள் விருந்தை ஆக்கவோ கெடுக்கவோ போகிறது. அம்மாப்பேட்டையிலோ ஆத்தூரிலோ விசேஷம் என்றால் இந்தக் கேள்விக்கு அவ்வளவு கனம் இல்லை. சமவெளிச் சாலையில் ஒரு மணி நேரத்தில் சாம்பார் சூடாகவே போய்ச் சேர்ந்துவிடும்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவுதான் என்றாலும், அடிவாரத்தைத் தாண்டிய பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன. கீழே சமைத்து ஏற்றுவதாக வைத்துக்கொண்டு நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். மதியம் பன்னிரண்டேகாலுக்கு முதல் பந்தி என்றால், பரிமாறும் ஏற்பாடுகளுக்காக உணவு பத்தரை மணிக்கே பங்களாவில் இருக்க வேண்டும்; அப்படியானால் ஒன்பது மணிக்குள் வண்டி கிளம்ப வேண்டும்; பாத்திரம் கட்டி ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் எட்டு மணிக்கு எல்லாம் வெந்து முடிந்திருக்க வேண்டும். இரண்டரை மணி வாக்கில் கடைசிப் பந்தி எழும்போது அந்தச் சோற்றுக்கு ஆறரை மணி நேரம் ஆகியிருக்கும். சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும் வரையில் அச்சமில்லை. அதற்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பில் பல மணி நேரம் நின்றால், சோற்றிலும் தேங்காய் சேர்ந்த கூட்டு, குருமாக்களிலும் கிருமிகள் பெருகத் தொடங்கும். தை மாதத்து ஏற்காட்டுக் குளிரில் மூடி திறந்த அண்டா மிக விரைவாக அந்த வெதுவெதுப்புக்கு வந்துவிடும். குளிர்ப் பிரதேசம் ஆகையால் உணவு கெடாது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். உணவு முழுவதும் ஆறிக் குளிர்ந்து கிடந்தால் அந்தச் சமாதானத்தில் ஓரளவு பொருள் உண்டு. வெந்த சூட்டில் மூடிய பெரிய அண்டாவின் நடுப்பகுதிக்கு அது பொருந்தாது.

வளைவுகள் தரும் தொல்லை வேறு. ரசமும் சாம்பாரும் அண்டாவில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் பத்தாவது வளைவைத் தாண்டுவதற்குள் மூடியைக் கட்டிய துணி நனைந்துவிடும். பிறகு வண்டித் தளத்தில் வழுக்கல், அண்டா நகர்தல், சிந்துதல் என்று தொடரும். முக்கால் பங்கு மட்டுமே நிரப்பினால் பாத்திரங்கள் கூடும், இரண்டாவது வண்டி தேவைப்படும், செலவும் ஏறும். ஒரே குட்டியானையில் 300 பேருக்கு எல்லாவற்றையும் ஏற்றி வந்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் இதற்கு முன் மலைக்கு விருந்து கொண்டுபோனதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே உங்கள் நிகழ்ச்சிக்கு மேலேயே சமைப்பதுதான் சரி என்பது என் கருத்து. ஆனால் மேலே சமைப்பதற்கும் தனிப் பக்குவம் வேண்டும். சேலத்தில் கைதேர்ந்த மாஸ்டர்கூட முதல் முறை மலையில் தடுமாறுவது இதனால்தான். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த அண்டாவில் அந்தச் சூட்டுக்கு மேல் போகாது. தண்ணீர் வற்றுமே தவிர வேகும் நேரம் குறையாது. அரிசிக்கு இதனால் சில நிமிடங்கள் கூடும், தண்ணீரும் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். துவரம்பருப்புக்குத்தான் உண்மையான சிக்கல்: சேலத்தில் முக்கால் மணியில் குழையும் பருப்பு மேலே அதே நேரத்தில் குழையாமல் நறுக்கு நறுக்கென்று நிற்கும். சாம்பார் இலையில் தெளிந்த தண்ணீராக ஓடி, பருப்பு அடியில் தங்கினால் காரணம் இதுதான். பருப்பை விடியற்காலையிலேயே வெந்நீரில் ஊறவைத்து, பெரிய பிரஷர் குக்கர்களில் வேகவைத்துக்கொண்டால் இது தீர்ந்துவிடும். "பருப்பை எதில் வேகவைப்பீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் அவருடைய மலை அனுபவம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

காலைச் சிற்றுண்டிக்கு இட்லி கேட்டிருந்தால் மாவைப் பற்றியும் கேளுங்கள். இரவே மேலே கொண்டுவந்து வைத்த மாவு, பதினைந்து டிகிரிக்குக் கீழே இறங்கும் குளிரில் பொங்காது, இட்லி கல்லாகும். சேலத்திலேயே இரவு முழுவதும் புளிக்கவைத்து, விடியலில் பாதி நிரம்பிய தூக்குகளில் எடுத்துவர வேண்டும். வழியில் குலுங்கி நுரை அடங்கிவிடும் என்பதால் மேலே வந்ததும் வெந்நீர்ப் பாத்திரத்துக்கு அருகில் அரை மணி நேரம் வைத்து மறுபடி எழவிடுவார்கள். இவ்வளவும் எதற்கு என்று தோன்றினால் பொங்கலும் வடையுமாக மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணெயின் சூட்டுக்கும் மலையின் உயரத்துக்கும் தொடர்பில்லை, வடை எங்கும் வடைதான்.

கேஸ் சிலிண்டரையும் குளிர் பாதிக்கும். பெரிய அடுப்புகள் வேகமாக இழுக்கும்போது சிலிண்டரின் வெளிப்புறத்தில் பனி பூத்தது போல் வெளுத்து, உள்ளே கேஸ் பாதி இருந்தும் தீ சுருங்கிப்போகும். இதற்காக 19 கிலோ வணிகச் சிலிண்டர்கள் இரண்டை ஒரே குழாயில் இணைத்து ஓர் அடுப்புக்கு விடுவார்கள். சேலத்தில் எத்தனை சிலிண்டர் போதுமோ அதற்கு மேல் ஒன்றாவது கூடுதலாக ஏற்ற வேண்டும். பன்னிரண்டு மணிக்குத் தீர்ந்துபோனால் அடிவாரத்துக்கு ஆள் அனுப்பி வாங்கிவருவதற்குள் இரண்டு பந்தி முடிந்திருக்கும். வீட்டுச் சிலிண்டரை வைத்துச் சமாளிப்பது சட்டத்துக்குப் புறம்பானது. பங்களாக்காரரும் இப்போது அதை அனுமதிப்பதில்லை.

இனிச் சாப்பாட்டு வகைக்கு வருவோம். "எல்லா விசேஷங்களுக்கும்" என்று சொல்பவர்களில் பலர் எல்லா விசேஷத்துக்கும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுவார்கள். வளைகாப்புக்குப் புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று கலவைச் சாதங்கள் வேண்டும்; காதுகுத்துக்குக் கிடா விருந்து; கருமாதிக்குப் பல வீடுகளில் வெங்காயம், பூண்டு ஆகாது. உங்களுடையது நிச்சயதார்த்தம் என்பதால் இனிப்போடு கூடிய சைவ இலைச் சாப்பாடு போதும். பஃபே வேண்டாம் என்பேன். திறந்த வெளியில், மலைக்காற்றில் பஃபே தட்டுகளின் அடியில் எரியும் சின்ன விளக்கு அணைந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் குருமாவின் மேல் எண்ணெய் கட்டியாக மிதக்கும். இலை போட்டு, அடுக்களையிலிருந்து வாளியில் எடுத்துப் பரிமாறினால் ஒவ்வொரு பந்திக்கும் சூடாகவே கிடைக்கும்.

பட்டியலை மலைக்கு ஏற்ப அமைக்க வேண்டும். கேசரி, நெய் அதிகம் விட்ட அல்வா ஆகியவை குளிரில் நெய் உறைந்து வெள்ளைப் படலம் பிடிக்கும்; அதற்குப் பதிலாகக் கீழேயே செய்து எடுத்துவரக்கூடிய லட்டோ மைசூர்பாகோ வைத்து, அடுப்பிலிருந்து நேராக இலைக்கு வரும் பாயசம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சேகோ ஜவ்வரிசிப் பாயசம் இதற்குப் பொருத்தம்தான், ஆனால் ஆற ஆற இறுகும் இயல்பு அதற்கு உண்டு. பந்திக்குப் பந்தி சுடுபால் விட்டு இளக்க ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள், இல்லையென்றால் சேமியாவும் பாசிப்பருப்பும் நல்லவை. அப்பளத்தை ஒரேயடியாகப் பொரித்து வைத்தால் மூடுபனியில் நமுத்துவிடும், பந்திக்குப் பந்தி பொரிக்கச் சொல்லுங்கள். புளிக்காய்ச்சல், பொடி வகைகள், ஊறுகாய், இனிப்பு ஆகியவற்றைக் கீழே தயாரித்துக்கொண்டு வருவதில் குறை ஏதும் இல்லை. தேங்காயை முழுதாக ஏற்றி மேலே துருவ வேண்டும். காய்களைக் கழுவிக்கொண்டு வந்து மேலே நறுக்கலாம். இரவே நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுத்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை, 300 இலைக்கு என்ன தேவைப்படும் என்பது உங்களுக்கும் தோராயமாகத் தெரிந்திருந்தால் பேச்சு ஒழுங்காக நடக்கும். கலவைச் சாதம் ஒன்றும் இனிப்பும் பாயசமும் உள்ள விருந்தில் கிலோ அரிசிக்கு ஒன்பது, பத்துப் பேர் என்று வைப்பது வழக்கம். ஆகவே முப்பதிலிருந்து முப்பத்து மூன்று கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு எட்டு கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு பொரியலுக்கும் பதினைந்து கிலோவுக்கு மேல் காய் வேண்டும். தயிர் இருபத்தைந்து லிட்டரை ஒட்டி இருக்கட்டும். இலை 350 வாங்க வேண்டும். வளைவுகளில் கட்டு நசுங்கிக் கிழியும் இலைகள் சமவெளியைவிட அதிகம். கைகழுவல், பாத்திரம், சமையல் எல்லாம் சேர்த்துத் தலைக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் மூவாயிரம் லிட்டர் ஆகிறது. பங்களாவின் தொட்டி அவ்வளவு பிடிக்குமா, தண்ணீர் கிணற்றிலிருந்து வருகிறதா, லாரியிலா என்பதைக் கேட்டரிங்காரர் நேரில் வந்து பார்த்திருக்க வேண்டும். இடத்தைப் பார்க்காமல் விலை சொல்பவரிடம், பார்த்துவிட்டு வந்து மறுபடி சொல்லுங்கள் என்று கேட்பதில் தவறில்லை.

மேலே சமைத்தால் நாள் எப்படிப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மளிகையை முதல் நாளே செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் எடுத்துக் கட்டிவிடுவார்கள். மாஸ்டரும் உதவியாளர்களும் முதல் நாள் மாலையே மேலே வந்து அடுப்பு, மறைப்புப் படுதா, விளக்கு எல்லாவற்றையும் அமைத்து அங்கேயே தங்குவார்கள். பரிமாறுபவர்கள் காலையில் காய், இலை, மாவு வரும் வண்டியோடு வந்தால் போதும். பங்களாவின் கூடத்தில் நூறு பேர் உட்காரலாம் என்றால் மூன்று பந்தி; எச்சில் இலை எடுத்து, துடைத்து, மறு இலை போடுவது உட்பட ஒரு பந்திக்கு முக்கால் மணி. முதல் பந்தி உட்காரும்போது இரண்டாம் பந்திக்கான உலை கொதிக்க வேண்டும், மூன்றாம் பந்திக்கான அரிசி ஊறிக்கொண்டிருக்க வேண்டும். மொத்த அரிசியையும் பதினோரு மணிக்கே வடித்துவிட்டால் மேலே சமைப்பதன் பயன் போய்விடும். நூறு இலைக்குப் பத்துப் பேராவது பரிமாற வேண்டும். ஆறு பேரை வைத்துச் சமாளிப்பதாகச் சொன்னால், பாயசம் வரும்போது முன்வரிசை எழுந்துவிட்டிருக்கும்.

குரங்குகளை மறக்க வேண்டாம். வாழைப்பழத் தாரைத் திறந்த வண்டியில் ஏற்றினால் வழியில் வண்டி நின்ற இடத்திலேயே பாதி போய்விடும். பங்களாவின் பின்புறத்திலும் ஒருவர் கம்போடு நிற்க வேண்டியிருக்கும். எச்சில் இலைகளையும் மிச்சத்தையும் எஸ்டேட் ஓரத்தில் கொட்டினால் காட்டெருமையும் குரங்கும் தேடி வரும், எஸ்டேட்காரர் உங்களிடம்தான் சண்டைக்கு வருவார். ஆகவே கழிவை மூட்டை கட்டிக் கீழே கொண்டுபோவது யார் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மேசை விரிப்பு, பூச்சுப் பூசிய காகித டம்ளர், காகித இலை போன்ற ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பழைய இருப்பை எடுத்துவந்து விரித்துவிட்டு அபராதம் வரும்போது நழுவுபவர்களும் உண்டு. காபிக்குச் சில்வர் டம்ளர் கேளுங்கள். ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையில் போட்ட டிகாஷனை அதில் குடித்தால்தான் குளிருக்குக் கைக்கும் இதமாக இருக்கும்.

கொடுக்கல் வாங்கலுக்கு வருவோம். கூலிக்கு மட்டும் மாஸ்டரை அமர்த்தி, அவர் எழுதித் தரும் சாமான் லிஸ்ட்டை வைத்து நீங்களே வாங்கித் தருவது ஒரு முறை. இலைக்கு இவ்வளவு என்று முழுவதையும் காண்ட்ராக்ட்டாக விடுவது இன்னொரு முறை. சேலத்துக்குள் என்றால் முதல் முறையில் பணம் மிஞ்சும் என்று நானும் சொல்வேன். மலையில் அது வேண்டாம். லிஸ்ட்டில் விட்டுப்போன பெருங்காயத்துக்காகவும் கூடுதல் எண்ணெய்க்காகவும் வீட்டு ஆள் ஒருவர் நிச்சயப் பத்திரிகை வாசிக்கும் நேரத்தில் ஒண்டிக்கடைக்கு ஓடிக்கொண்டிருப்பார்.

காண்ட்ராக்ட்டில் தகராறு பெரும்பாலும் இலைக் கணக்கில்தான் வருகிறது. "300 பேர், குறைந்தது 270 இலைக்குப் பணம்" என்பதைப் போல ஒரு கீழ் எல்லையை இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் 300க்கும் பொருள் வாங்கிச் சமைத்திருப்பார் என்பதால் அந்த எல்லை நியாயமானதுதான். நூறு கட்டு, ஐம்பது கட்டு என்று வந்த இலைகளைக் காலையில் உங்கள் வீட்டார் ஒருவர் எண்ணிக் குறித்துக்கொண்டு, கடைசிப் பந்தி முடிந்ததும் மிச்ச இலையையும் கிழிந்து ஒதுக்கியதையும் கழித்தால் உண்மைக் கணக்கு வந்துவிடும். டிரைவர்கள், போட்டோக்காரர், மேளக்காரர், பரிமாறுபவர்கள் ஆகியோருடைய இலை இந்தக் கணக்கில் சேருமா, குழந்தைகளின் இலைக்கு அரை விலையா முழு விலையா என்பவற்றையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். வண்டி வாடகை, ஆட்களின் இரவுத் தங்கல், கூடுதல் சிலிண்டர், ஜி.எஸ்.டி. ஆகியவை இலை விலைக்குள் அடங்குமா, தனியா என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். குறைந்த இலை விலை சொன்னவர்கள் கடைசியில் சேர்ப்பது இவற்றைத்தான்.

அவரிடம் உணவுப் பாதுகாப்பு உரிமம் உண்டா என்று பாருங்கள். அது 14 இலக்க எண். ரசீதிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வணிகர்களுக்கான பதிவு. விசேஷங்களுக்குச் சமைப்பவர் உரிமம் எடுத்தவராக இருப்பதே முறை. சைவமும் அசைவமும் இரண்டும் செய்பவர் என்பதால், அன்றைக்கு வரும் அண்டாவும் கரண்டியும் சைவத்துக்கென்று தனியாக வைத்தவைதானா என்பதையும் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டில் அதைப் பார்ப்பவர்கள் இருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருப்பது அவர்களுக்கே நிம்மதி.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு அவருடைய விளம்பர வரியை விட்டுவிட்டு, உங்கள் ஆர்டர் தாளின் தலைப்பில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "நிச்சயதார்த்தம் – காலைச் சிற்றுண்டி 80, மதியம் சைவ இலைச் சாப்பாடு 300, மூன்று பந்தி – ஏற்காடு, நாகலூர் வழி எஸ்டேட் பங்களா, சமையல் அங்கேயே." அதன் கீழே பட்டியல், ஆட்களின் எண்ணிக்கை, முதல் பந்தி நேரம், இலையின் கீழ் எல்லை, யார் எதற்குப் பொறுப்பு என்பன வரட்டும். இடத்தை நேரில் பார்த்து இதில் கையெழுத்துப் போட்டாரானால் கால் பங்கு முன்பணம் கொடுக்கலாம். மளிகை எடுக்கும் நாளில் பாதி, இலை எண்ணி முடித்தபின் மீதி. தை மாதம் என்பதால், பொங்கல் விடுமுறை நாள்கள் நீங்கலாக, சாலையில் பெரிய நெரிசல் இராது. பிற்பாடு இதே விசேஷம் மே மாதத்துக்குத் தள்ளிப்போனால் மட்டும், கோடை விழா நாள்களை விலக்கித் தேதி பாருங்கள். அப்போது அடிவாரத்திலிருந்து மேலே வர வண்டிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எந்தக் கேட்டரிங்காரராலும் உறுதி சொல்ல முடியாது, குப்பனூர் வழியாகச் சுற்றி வரவும் அவர் ஆயத்தமாக இருக்க வேண்டியிருக்கும்.